கூர்ங்கல் சாலைக்கு டயர் வாங்குவது எப்படி: பக்கச்சுவரிலிருந்து தொடங்குங்கள்

தார் போடாத கிராமச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவருடைய டயர் முழுதாகத் தேய்ந்து ஓய்வு பெறுவது அபூர்வம். தரையைத் தொடும் ட்ரெட் பகுதியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே, பக்கச்சுவரில் ஒரு கல் கிழித்துவிட, டயரைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். ஆனாலும் புதிதாக டயர் வாங்குகிறவர் கடையில் முதலில் பார்ப்பது ட்ரெட்டின் கட்டைகள் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கின்றன என்பதைத்தான். நானும் முதல்முறை அப்படித்தான் வாங்கினேன். பார்ப்பதற்கு மலையேறும் வண்டியின் டயர்போல இருந்த அது, மூன்றாம் மாதமே பக்கவாட்டில் கிழிந்தது. பிறகு அதன் பக்கச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்தபோதுதான், நான் வாங்கியது முரட்டு முகம் வைத்த சாதாரண டயர் என்று புரிந்தது.

இந்தக் கட்டுரை கார், ஜீப் வகை வண்டி, சிறிய பிக்கப் ஆகியவற்றுக்கு முதல்முறை டயர் தேர்ந்தெடுப்பவர்களுக்கானது. இருசக்கர வாகனத்துக்கும் கனரக லாரிக்கும் கணக்கு வேறு.

கல் எங்கே வெட்டுகிறது

இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ரேடியல் டயர். அதன் ட்ரெட்டுக்குக் கீழே இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றிலும் ஓடுகின்றன. பல டயர்களில் அவற்றின் மேல் நைலான் அடுக்கும் ஒன்று இருக்கும். ஆகவே கூர்மையான கல் ட்ரெட்டின் நடுவில் குத்தினாலும் அதைத் தடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. பக்கச்சுவரில் எஃகுப் பட்டை கிடையாது. அங்கே இருப்பவை ஓரடுக்கோ ஈரடுக்கோ பாலியெஸ்டர் நூலிழைகளும், அவற்றின் மேல் சில மில்லிமீட்டர் ரப்பரும் மட்டுமே. இதைத் தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவர் வளைந்து நிமிர வேண்டியிருக்கிறது. அதைத் தடிமனாக்கினால் சவாரி கடினமாகும், வேகத்தில் சூடும் கூடும். தார்ச்சாலைக்கென்று வடிவமைக்கப்பட்ட டயரில் அந்த மெல்லிய சுவர் சரியான முடிவுதான். அதைக் கல்சாலைக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல்.

கல் இந்தச் சுவரை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. முதலாவது உரசல் வெட்டு. சாலையோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லையோ, ஆழமான வண்டித்தடத்தின் கரையில் புதைந்திருக்கும் கல்லையோ சக்கரம் உரசிச் செல்லும்போது, ரப்பர் கத்தியால் கீறியதுபோலப் பிளக்கிறது. இரண்டாவது நசுங்கல். வேகமாகப் போய்க் கல்மீதோ குழியின் விளிம்பிலோ மோதும்போது, டயர் அமுங்கி, பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே மடிந்து நசுங்குகிறது. வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே நூலிழைகள் அறுந்திருக்கும். அந்த இடம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முட்டைபோலப் புடைத்துக்கொண்டு வரும்.

உரசல் வெட்டுக்கு மருந்து தடித்த, அடுக்குகள் கூடிய சுவர். நசுங்கலுக்கு மருந்து உயரமான சுவர், சரியான காற்று, குறைந்த வேகம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் போகும், தொல்லை தீராது. ஆகவே புது டயர் பார்ப்பதற்கு முன்னால் பழைய டயரைப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: பழைய டயர்களைக் கழற்றிப் படியுங்கள்

நான்கு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் தரையில் கிடத்தி, கழுவி, வெயிலில் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போது வெளிப்புறச் சுவர் மட்டுமே கண்ணில் படும். உட்புறச் சுவரில் வெட்டு இருப்பது பலருக்கும் டயரைக் கழற்றும்வரை தெரியாது. சாலையோரப் பக்கத்துச் சக்கரங்களின் வெளிச்சுவரில் வெட்டுகள் இருந்தால், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஓரம் இறங்கும்போது விழுந்தவை அவை. இரு பக்கச் சக்கரங்களின் உட்சுவரிலும் கீறல்கள் இருந்தால், தடங்களுக்கு நடுவே மேடிட்டிருக்கும் கல்வரிசை உரசுகிறது என்று பொருள். வெட்டே இல்லாமல் புடைப்பு மட்டும் இருந்தால் அது நசுங்கல்.

புடைப்பைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. காற்று நிரப்பிய ரேடியல் டயரின் பக்கச்சுவரில், ரிம்மிலிருந்து ட்ரெட்டை நோக்கிச் செல்லும் மெல்லிய பள்ளம் ஒன்று சில நேரங்களில் தெரியும். நூலடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இடம் அது. அங்கே இழைகள் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடத்தைவிடக் குறைவாக விரிகிறது. பள்ளம் குற்றமல்ல. வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் மேடுதான் இழை அறுந்ததன் அடையாளம்.

அடுத்ததாக ட்ரெட்டின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்தான் அடுத்த டயரில் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். என் நண்பர் ஒருவருடைய வண்டியை எடுத்துக்கொள்வோம். 215/60 ஆர் 17 அளவு டயர்கள். தினமும் போகவர 26 கிலோமீட்டர், அதில் 6 கிலோமீட்டர் உடைத்த கருங்கல் பரப்பி, மண் அரித்துப் போய்க் கல் மட்டும் துருத்தி நிற்கும் சாலை. 21,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் இரண்டு டயர்கள் பக்கவாட்டில் வெட்டுப்பட்டும் ஒன்று புடைத்தும் போயின. புதிதாக இருந்தபோது 8 மில்லிமீட்டர் இருந்த ட்ரெட் அப்போதும் 5 மில்லிமீட்டர் இருந்தது. தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருப்பதால், பயன்படுத்தக் கூடிய ஆழம் 6.4 மில்லிமீட்டர், அதில் 3 மட்டுமே செலவாகியிருந்தது. அதே கதியில் தேய்ந்திருந்தால் ட்ரெட் ஏறத்தாழ 45,000 கிலோமீட்டர் வரை வந்திருக்கும். அதாவது டயரின் ஆயுளில் பாதிக்கு மேல் பக்கச்சுவரால் வீணானது. இப்படிப்பட்டவர் 'அதிக மைலேஜ் தரும்' ட்ரெட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை. ட்ரெட் ஏற்கெனவே தேவைக்கு மேல் உழைக்கிறது.

அளவு: சுவரை உயர்த்துங்கள், சக்கரத்தின் விட்டத்தை மாற்றாதீர்கள்

215/60 ஆர் 17 என்பதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக, நண்பருடைய டயரின் சுவர் உயரம் 215-இல் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். இதில் ரிம்மின் விளிம்பே ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். கல்லின் அடியை வாங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது சுமார் 112.

பெரிய ரிம், குட்டையான சுவர் என்பது இப்போது அழகுக்காக விரும்பப்படுகிறது. கல்சாலையில் அந்த அழகு நசுங்கலுக்குத் தரும் அழைப்பு. ஒரே வண்டியை உயர்ந்த ரகத்தில் 17 அங்குல ரிம்மோடும், விலை குறைந்த ரகத்தில் 16 அங்குல ரிம்மோடும் நிறுவனங்கள் விற்பது வழக்கம். நண்பருடைய வண்டியின் கீழ் ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் அளவு 215/65 ஆர் 16. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுவரின் உயரம் 140 மில்லிமீட்டர். ரிம் விளிம்பு போக 123. பழையதைவிட 11 மில்லிமீட்டர், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, கூடுதல். சக்கரத்தின் மொத்த விட்டம் பழையதில் 690 மில்லிமீட்டர், புதியதில் 686. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் வேகமானியும் கியர் விகிதமும் பாதிக்கப்படவில்லை. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே குறைந்தது. சுமைக் குறியெண்ணும் 96-இலிருந்து 98 ஆனது. அதாவது ஒரு டயர் தாங்கும் அதிகபட்ச எடை 710 கிலோவிலிருந்து 750 கிலோவாக உயர்ந்தது.

இன்னும் உயரமாக 215/70 ஆர் 16 போடலாமே என்று அவர் கேட்டார். அதன் சுவர் 150 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கவர்ச்சியானதுதான். ஆனால் மொத்த விட்டம் 707 ஆகிவிடும், அது இரண்டரை சதவீத உயர்வு. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, நான்கு பேரை உட்கார வைத்து, மேட்டில் ஏற்றினால் மட்கார்டின் உள்புறத்தில் உரசுமா என்று பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. உரசும் டயரைக் கல் வெட்டுவதற்கு முன் வண்டியே வெட்டிவிடும். நாங்கள் அந்த ஆசையை விட்டுவிட்டோம்.

சிறிய ரிம்முக்கு மாறும்போது கவனிக்க வேண்டியது பிரேக். முன்சக்கரத்தின் பிரேக் கேலிப்பர் சில வண்டிகளில் 16 அங்குல ரிம்முக்குள் அடங்காது. உங்கள் வண்டியின் அதே இன்ஜின், அதே பிரேக் கொண்ட வேறு ரகத்துக்கு அந்த ரிம்மை நிறுவனம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்; கொடுத்திருந்தால் கவலையில்லை. கொடுக்கவில்லை என்றால் இருக்கும் ரிம்மிலேயே நின்று, அடுத்து வரும் கட்டமைப்பு விஷயத்தில் மட்டும் மாற்றம் செய்யுங்கள்.

அகலத்தைப் பொறுத்தவரை, கூட்டாதீர்கள். அகலமான டயர் தடத்தை நிரப்பிக்கொண்டு கரையில் இருக்கும் கல்லைத் தானே தேடிப் போய் உரசும். அதோடு, ரிம் அதே அகலத்தில் இருக்க டயரை மட்டும் அகலமாக்கினால் சுவர் ரிம்மைத் தாண்டி உப்பிக்கொண்டு வெளியே நிற்கும்.

சுவரின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

கடையில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'நல்ல கெட்டி' என்று சொல்பவர்கள் உண்டு. காற்றில்லாத டயரை அமுக்குவதால் அதன் ரப்பர் கடினமா மென்மையா என்பதுகூடச் சரியாகத் தெரியாது. தெரிய வேண்டியது பக்கச்சுவரிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. பல டயர்களில் ட்ரெட்டுக்குக் கீழ் எத்தனை அடுக்கு, சுவரில் எத்தனை அடுக்கு, எந்தப் பொருள் என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். 'ட்ரெட்: 2 எஃகு, 2 பாலியெஸ்டர், 1 நைலான், பக்கச்சுவர்: 2 பாலியெஸ்டர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். இதில் முதல் பகுதியை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் படியுங்கள். சாதாரணக் கார் டயர்களில் ஒன்று அல்லது இரண்டு இருக்கும். கல்சாலைக்கென்று செய்த சில டயர்களில் மூன்று இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதே உரசல் வெட்டில் பெரிய வித்தியாசம் தரும். மூன்று கிடைத்து, அதன் எடையை உங்கள் வண்டி தாங்குமானால், இன்னும் நல்லது.

இங்கே புதியவர்களைக் குழப்பும் மூன்று குறிகள் உண்டு.

ஒன்று, 'எக்ஸ்எல்' என்ற குறி. கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் எடையைத் தாங்கும் கார் டயர் என்பது இதன் பொருள். சுவர் தடிமனாக இருக்கும் என்ற உறுதியை இந்தக் குறி தருவதில்லை. பல எக்ஸ்எல் டயர்களின் சுவர் சாதாரண டயரைப் போலத்தான் இருக்கும். இந்தக் குறிக்காக மட்டும் வாங்காதீர்கள்.

இரண்டு, 'பிஆர்' என்ற குறி. 6 பிஆர், 8 பிஆர், 10 பிஆர் என்று வரும். பருத்தி நூலில் டயர் செய்த காலத்துக் கணக்கு இது. 10 பிஆர் என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று விற்பவரே சில நேரம் சொல்லிவிடுவார். உண்மையில் அது பழைய பத்து அடுக்குக்கு இணையான வலிமை என்பதைத்தான் குறிக்கிறது. இன்றைய ரேடியலில் சுவரில் இரண்டோ மூன்றோ அடுக்குதான் இருக்கும். என்றாலும் இந்த எண் உயர உயரச் சுவர் பொதுவாகத் தடிக்கிறது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூன்று, அளவுக்கு முன்னால் வரும் 'எல்டி', அளவுக்குப் பின்னால் வரும் 'சி'. முதலாவது இலகு ரக டிரக்குக்கான டயர்; இரண்டாவது வேன், சரக்கு வண்டி ஆகியவற்றுக்கான டயர். உரசல் வெட்டைத் தாங்குவதில் கார் டயரைவிட இவை வெகுவாக மேல். ஜீப் வகை வண்டிக்கும் பிக்கப்புக்கும் எல்டி டயர் நேரடியான விடை. சிறிய கார் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வழி 'சி' டயர். எடுத்துக்காட்டாக 175/65 ஆர் 14 என்ற சிறிய கார் அளவிலேயே 'சி' டயர் தயாராகிறது. அதே அளவின் சாதாரண டயர், சுமைக் குறியெண் 82 என்றால், 475 கிலோ தாங்கும். 'சி' வகையில் குறியெண் 90, அதாவது 600 கிலோ. விட்டம் மாறாது, ரிம் மாறாது, சுவர் மட்டும் கெட்டியாகும்.

இதற்கு விலையும் உண்டு. சவாரி கடினமாகும், டயர் ஒவ்வொன்றும் எடை கூடுவதால் ஸ்டியரிங் மந்தமாகும், எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளலாம். வேகக் குறியும் பெரும்பாலும் இறங்கும். எச் என்ற குறி மணிக்கு 210 கிலோமீட்டர், டி என்பது 190, எஸ் என்பது 180, கியூ என்பது 160. யாரும் அந்த வேகத்தில் ஓட்டப் போவதில்லைதான். ஆனால் வண்டியின் கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த குறி போடுவது சில இடங்களில் விதிக்கும் காப்பீட்டுக்கும் முரணாகலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என் கணிப்பில், தினசரி ஓட்டத்தில் கால்பங்குக்குக் குறைவாகக் கல்சாலையும் மீதி தார்ச்சாலையுமாக இருப்பவருக்கு எல்டி தேவைப்படாது. சுவரில் இரண்டடுக்கு உள்ள நல்ல கார் டயரும் உயரமான சுவரும் போதும். பாதிக்கு மேல் கல்சாலை என்றால் கடினமான சவாரியைப் பொறுத்துக்கொண்டு எல்டி அல்லது சி பக்கம் போய்விடலாம். நண்பருடையது முதல் வகை. 16 அங்குலத்தில், சுவரில் இரண்டு அடுக்கு உள்ள, எல்லா வகைச் சாலைக்குமான டயரை அவர் எடுத்தார்.

ட்ரெட்டைப் பற்றிச் சிறிது

எல்லா வகைச் சாலைக்குமான டயரை ஏடி என்றும், சேற்றுக்கான டயரை எம்டி என்றும் சொல்வார்கள். கல்சாலைக்கு ஏடி போதும். எம்டியின் அகலமான இடைவெளிகள் சேற்றை உதறுவதற்கானவை. கல்லில் அந்த இடைவெளிக்குள் கூர்முனை புகுந்து அடிப்பகுதியைக் குத்தும், கட்டைகளின் முனைகள் துண்டு துண்டாகப் பெயரும். ட்ரெட்டில் பார்க்க வேண்டியவை இரண்டே. ட்ரெட்டின் கட்டைகள், ட்ரெட்டும் சுவரும் சேரும் தோளைத் தாண்டிச் சுவரின் மேல்பகுதிவரை இறங்கி வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கல் அங்கேதான் முதலில் உரசும் என்பதால் அந்தத் தடித்த ரப்பர் உண்மையான கவசம். இரண்டாவதாக, பள்ளங்களின் அடியில் சிறுசிறு மேடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை மாட்டிக்கொண்ட கல்லை வெளியே தள்ளுவதற்கானவை. அவை இல்லாத டயரில் கல் சிக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் ஆணிபோல உள்ளே இறங்கி எஃகுப் பட்டையைத் தொடும். பிறகு தண்ணீர் புகுந்து துருப்பிடித்து ட்ரெட் பிரிந்து வரும்.

வாங்கும்போது தயாரித்த தேதியையும் பாருங்கள். சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். பழைய ரப்பர் இறுகிப்போய், வளைவதற்குப் பதிலாகப் பிளக்கும்.

காற்று

நல்ல டயரைக் கெடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கல்சாலையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று ஒரு சாராரும், கல் குத்தாமலிருக்க இறுக்கமாக வைக்க வேண்டும் என்று மறுசாராரும் சொல்வார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. காற்று மிகுந்தால் சுவரும் ட்ரெட்டும் முறுக்கேறி நிற்கும். முறுக்கேறிய ரப்பரைக் கீறினால் உடனே பிளக்கும், கல்லைச் சுற்றி மடிந்துகொடுக்காது. காற்று குறைந்தால் சுவர் ட்ரெட்டைத் தாண்டி வெளியே பிதுங்கி உரசலுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வேகமாகப் போனால் ரிம்வரை நசுங்கவும் செய்யும்.

நடைமுறை இது. கல்சாலை சில கிலோமீட்டர் மட்டுமே என்றால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நிறுவனம் கொடுத்த அழுத்தத்தையே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். நண்பருடைய 6 கிலோமீட்டருக்கு அதுதான் சரி. 33 பிஎஸ்ஐ-யை அவர் மாற்றவில்லை. மணிக்கணக்கில் கல்சாலையிலேயே போக வேண்டும், வண்டியில் பாரமும் குறைவு, வேகம் 40-ஐத் தாண்டாது என்ற நிலையில் மட்டும் நாலைந்து பிஎஸ்ஐ இறக்கலாம். தார்ச்சாலையைத் தொட்டதும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அதற்கு வண்டியிலேயே சிறிய காற்றுப் பம்பும் நம்பகமான கேஜும் இருக்க வேண்டும். அவை இல்லாதவர் இறக்கவே வேண்டாம்.

இறக்கியது அளவோடு இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. புறப்படும் முன் குளிர்ந்த டயரில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி பாருங்கள். கார் டயரில் சுமார் 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகமாக ஏறியிருந்தால் சுவர் மிகையாக வளைந்து சூடாகிறது. காற்றைக் கூட்டுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். இப்படி ஏறிய காற்றைச் சூட்டிலேயே திறந்துவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது நிலைமையை மோசமாக்கும்.

எல்டி டயருக்கு மாறியவர்கள் கதவோர ஸ்டிக்கரை அப்படியே நம்பக் கூடாது. அதே எடையைத் தாங்க எல்டி டயருக்குக் கார் டயரைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பழைய எண்ணையே வைத்து ஓட்டினால், கெட்டியான சுவர் என்பதால் டயர் தட்டையாகத் தெரியாது. ஆனால் உள்ளே காற்று போதாமல் சூடாகிக்கொண்டிருக்கும். டயர் நிறுவனத்தின் சுமை–அழுத்த அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 20-இல் மோதுவதைவிட 40-இல் மோதும்போது அடி நான்கு மடங்கு. அதேபோல் வழியில் தனித்து நிற்கும் சிறு கல்லை ஓரமாக உரசித் தப்பப் பார்ப்பதைவிட, அதன் மேல் மெதுவாக ட்ரெட்டை ஏற்றிச் செல்வது நல்லது. எஃகுப் பட்டை அங்கேதான் இருக்கிறது. மழை நாளில் இன்னும் கவனம் தேவை. தண்ணீர் மசகுபோல் வேலை செய்வதால், நனைந்த ரப்பரைக் கூர்விளிம்பு எளிதாக அறுத்துவிடும்.

மாட்டும்போதும் மாட்டிய பின்னும்

நான்கையும் ஒன்றாக மாற்ற முடியாவிட்டால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டையாவது ஒரே ரகமாக மாற்றுங்கள். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் நான்கின் விட்டமும் ஒன்றாக இருப்பது கட்டாயம். இல்லையென்றால் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துக் கெடும். ஸ்டெப்னியையும் பாருங்கள். பல வண்டிகளில் ஒல்லியான தற்காலிகச் சக்கரத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். கல்சாலையில் முதல் டயர் கிழிந்த இடத்திலேயே இரண்டாவதும் கிழிவதற்கு அதுவே போதும். ரிம் அளவை மாற்றியவர் ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து ரிம், ஐந்து டயர் என்று கணக்கிட வேண்டும். நண்பர் முதலில் நான்குக்குத்தான் விலை கேட்டார்; ஐந்தாவது சேர்ந்ததும் முகம் வாடியது. ஐந்தையும் சுழற்சியில் மாற்றி மாற்றி மாட்டினால் ஐந்தாவதும் உழைக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன், கணக்கும் அதுதான்.

வாரம் ஒருமுறை இரு பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். உட்சுவருக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு டார்ச் அடிக்கலாம். வெட்டு கண்டால் மழுங்கிய முனை கொண்ட குச்சியால் அதன் உதடுகளை மெல்ல விலக்குங்கள். உள்ளே கறுப்பு ரப்பர் மட்டும் தெரிந்தால் சாக்பீஸால் இரு முனைகளிலும் கோடிட்டு வைத்து, அடுத்த வாரம் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெண்மையாகவோ மஞ்சளாகவோ நூலிழை தெரிந்தால் அந்த டயரின் வேலை அன்றோடு முடிந்தது. புடைப்புக்கும் அதே தீர்ப்பு.

'ஒட்டித் தருகிறேன், ஓடும்' என்று பஞ்சர் கடையில் சொல்லக்கூடும். கார் டயரில் ஒட்டத் தகுந்தது ட்ரெட்டின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டை மட்டுமே. பக்கச்சுவரில் சுற்றுக்குச் சுற்று வளையும் இடத்தில் ஒட்டு நிற்காது; ஒட்டு நின்றாலும் அறுந்த இழை திரும்ப ஒட்டாது. வேறு வழியே இல்லாத இடத்தில் உள்ளே டியூப் போட்டு நடக்கும் வேகத்தில் அருகிலுள்ள ஊர்வரை உருட்டிக்கொண்டு வருவது வேறு. அந்த டயரைக் கழற்றியதும் சுவரைக் குறுக்கே அறுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வேறொருவருடைய வண்டியில் ஸ்டெப்னியாக ஏறிவிடும்.